தாயைப் பற்றித் தெரிந்துவிட்டால்

ஸ்பெயின் மன்னர் 13-ஆம் அல்ஃபோன்சோவுக்கும் ராணி விக்டோரியா யூஜீனியாவுக்கும் 1907-ல் முதல் மகன் பிறந்தான். அவனுக்கும் அல்ஃபோன்சோ என்றே பெயர் வைத்தார்கள். சிறு காயம் பட்டாலும் அந்தக் குழந்தைக்கு ரத்தம் நிற்கவில்லை. ஹீமோஃபிலியா. அடுத்த ஆண்டு ஹைமே பிறந்தான். அவன் ரத்தத்தில் குறை இல்லை. 1913-ல் ஹுவான், அவனுக்கும் குறை இல்லை. 1914-ல் கடைக்குட்டி கொன்சாலோ. அவனுக்கு மறுபடியும் ஹீமோஃபிலியா. நடுவில் 1910-ல் ஒரு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வழியில்லை.

மூத்தவனுக்கு நோய் இருப்பது, அடுத்துப் பிறக்கப்போகும் தம்பியைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? 'சொல்கிறது' என்றாலும் சரி, 'சொல்லவில்லை' என்றாலும் சரி. எது சரி என்பது, கேட்பவருக்குத் தாயைப் பற்றி என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு நிகழ்ச்சிகள், மூன்றாவது ஒன்று தெரிந்ததும் தொடர்பற்றுப் போகும் இந்த விநோதத்தை நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு வரிச் சூத்திரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் மரபணு ஆலோசகர்கள் குடும்பங்களுக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அதனால் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் நோய். ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபிலியா பி. இரண்டுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். நோய் வெளியே தெரியாமல் பழுதை மட்டும் சுமக்கிற இந்தப் பெண்ணை டாக்டர்கள் கேரியர் என்பார்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அதுவும் அம்மா கொடுத்தது. கேரியரான தாய் தன் இரண்டு எக்ஸில் எதைக் கொடுக்கிறாள் என்பது ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாக நடக்கும் தற்செயல். பழுதான எக்ஸ் வந்தால் மகனுக்கு நோய், நல்லது வந்தால் இல்லை. பாதிக்குப் பாதி.

ஸ்பெயின் ராணிக்கு இது எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பமில்லை. அவருடைய பாட்டி இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி. மகாராணியின் மகன் லியோபோல்ட் 1853-ல் பிறந்து, 1884-ல் ஒரு முறை வழுக்கி விழுந்ததில் ரத்தக்கசிவு ஏற்பட்டு முப்பது வயதில் இறந்தார். கடைசி மகள் பியாட்ரிஸுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்கு ஹீமோஃபிலியா இருந்தது; ஆகவே பியாட்ரிஸ் கேரியர். அந்த பியாட்ரிஸின் மகள்தான் விக்டோரியா யூஜீனியா. இதே வம்சத்தின் இன்னொரு கிளையில் ரஷ்ய இளவரசன் அலெக்ஸியும் இந்த நோயோடு பிறந்தான். ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைச் சோதித்து, அது ஹீமோஃபிலியா பி என்று 2009-ல் உறுதி செய்தார்கள்.

1906-ல் மாட்ரிட்டில் கல்யாணம் நடந்தபோது மணப்பெண் கேரியரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அம்மா கேரியர் என்பதால் மகளும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான். கணக்கைத் தலை எண்ணிப் பார்த்தால் எளிது. அவரைப் போலவே பாதி வாய்ப்போடு கல்யாண மேடைக்கு வருகிற 400 பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக 200 பேர் கேரியர், 200 பேர் கேரியர் அல்ல. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண் பிள்ளைகள்.

கேரியர்களான 200 பேரின் குடும்பங்கள் நான்கு விதமாகச் சமமாகப் பிரியும். 50 வீடுகளில் இரண்டு பிள்ளைகளுக்கும் நோய், 50 வீடுகளில் அண்ணனுக்கு மட்டும், 50 வீடுகளில் தம்பிக்கு மட்டும், 50 வீடுகளில் யாருக்கும் இல்லை. கேரியர் அல்லாத 200 வீடுகளில் யாருக்கும் நோய் வராது. புதிதாக மரபணு பழுதாகும் அரிய வாய்ப்பை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். பிறகு அதற்கு வருவோம்.

இப்போது 400 வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள். அண்ணனுக்கு நோய் உள்ள வீடுகள் 100, அதாவது கால் பங்கு. தம்பிக்கு நோய் உள்ள வீடுகளும் 100, கால் பங்கு. இந்த இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், கால் பங்கில் கால் பங்கு, அதாவது 25 வீடுகளில் மட்டுமே இருவருக்கும் நோய் இருக்க வேண்டும். ஆனால் நாம் எண்ணியது 50. சரியாக இரண்டு மடங்கு. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அண்ணனுக்கு நோய் உள்ள 100 வீடுகளில் 50-ல் தம்பிக்கும் நோய்: பாதி. அண்ணன் நலமாக உள்ள 300 வீடுகளில் 50-ல்தான் தம்பிக்கு நோய்: ஆறில் ஒரு பங்கு. அண்ணனைப் பற்றிய செய்தி தம்பியைப் பற்றிய நம் கணிப்பைப் பாதிக்கும் ஆறில் ஒன்றுக்கும் இடையே இழுக்கிறது. இதைத்தான் சார்புள்ள நிகழ்ச்சிகள் என்கிறோம்.

அடுத்து, கேரியர்கள் என்று உறுதியான 200 வீடுகளை மட்டும் தனியே எடுங்கள். அங்கே அண்ணனுக்கு நோய் உள்ளவை 100. அவற்றில் 50-ல் தம்பிக்கும் நோய், பாதி. அண்ணன் நலமாக உள்ளவையும் 100. அவற்றிலும் 50-ல் தம்பிக்கு நோய், அதே பாதி. அண்ணன் எப்படி இருந்தாலும் தம்பியின் வாய்ப்பு அசையவில்லை. கேரியர் அல்லாத 200 வீடுகளிலும் இதே கதைதான்: அண்ணன் நலம், தம்பிக்கு வாய்ப்பு பூஜ்யம். இரண்டு குழுவிலும் தனித்தனியே இல்லாத தொடர்பு, இரண்டையும் கலந்து கொட்டியதும் எங்கிருந்தோ முளைக்கிறது.

எழுதிக் காட்ட வேண்டுமென்றால், அண்ணனுக்கு நோய் என்பது A, தம்பிக்கு நோய் என்பது B, தாய் கேரியர் என்பது C. அப்போது

P(A∩B) = 1/8, ஆனால் P(A) × P(B) = 1/16

P(A∩B | C) = 1/4, அதுவே P(A | C) × P(B | C) = 1/2 × 1/2

நடுவில் இருக்கும் நெட்டைக் கோட்டை 'என்று தெரிந்த நிலையில்' என்று படியுங்கள். முதல் வரியில் பெருக்கல் பொருந்தவில்லை. இரண்டாவது வரியில் பொருந்துகிறது. பாடப்புத்தகம் சொல்லும் வரையறை இவ்வளவுதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சூத்திரமல்ல. அந்தத் தொடர்பு எங்கே இருந்தது என்பதுதான். அண்ணனிடமிருந்து தம்பிக்கு எதுவும் போவதில்லை. அண்ணனின் நோய் தம்பியைத் தொற்றவில்லை, அவனுடைய குரோமோசோமைத் தொடவில்லை. அண்ணனின் நோய் செய்த ஒரே காரியம், தாயைப் பற்றி நமக்குத் தகவல் கொடுத்தது. அந்தத் தகவல் வழியாக நாம் தம்பியை ஊகித்தோம். தாயைப் பற்றி வேறு வழியில் முழுதாகத் தெரிந்துவிட்டால், அண்ணன் சொல்வதற்கு மிச்சம் எதுவுமில்லை. அவன் கொண்டுவந்த செய்தி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. இருவருக்கும் இடையே இருந்த தொடர்பு முழுவதும் நம் அறியாமைக்குள் குடியிருந்த தொடர்பு.

மாட்ரிட் அரண்மனைக்குத் திரும்பினால் இது இன்னும் தெளிவாகும். 1907-ல் மூத்த மகனுக்கு நோய் என்று தெரிந்த கணமே ராணி கேரியர் என்பது உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரசவமும் தனி. ஹைமே நலமாகப் பிறந்தது ஹுவானுக்கு நல்ல சகுனமும் அல்ல, 'நல்லது ஒன்று வந்துவிட்டது, அடுத்தது கெட்டதாக இருக்கும்' என்று பயப்படவும் காரணமில்லை. ஹைமேயும் ஹுவானும் வரிசையாக நலமாக இருந்தது கொன்சாலோவைக் காப்பாற்றவில்லை. நோய், நலம், நலம், நோய் என்ற அந்த வரிசையில் ஒரு ஒழுங்கைத் தேடுவது வீண்வேலை. 'மூத்தவனுக்கு வந்தாயிற்று, இனி வராது' என்று ஆறுதல் சொல்லும் உறவினர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 'பாதிக்குப் பாதி' என்று டாக்டர் சொல்வதை 'இரண்டில் ஒருவருக்கு வரும்' என்று புரிந்துகொள்வதிலிருந்து இந்த ஆறுதல் பிறக்கிறது. அதை நம்பி அடுத்த குழந்தைக்குப் பரிசோதனையே செய்யாமல் விட்டால் ஆபத்து.

கதை வேறு விதமாகத் தொடங்கியிருந்தால்? முதல் இரண்டு பிள்ளைகளும் நலமாகப் பிறந்திருந்தால் தாயைப் பற்றி எதுவும் உறுதியாகியிருக்காது. அப்போது பிள்ளைகள் நிஜமாகவே ஒருவரைப் பற்றி ஒருவர் சாட்சி சொல்வார்கள். நம் 400 வீடுகளில் இரண்டு பிள்ளைகளும் நலமாக உள்ளவை 250: கேரியர்களில் 50, அல்லாதவர்களில் 200. ஆகவே அந்தத் தாய் கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றாக இறங்குகிறது. மூன்றாவது ஆண் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு அதில் பாதி, பத்தில் ஒன்று. மூன்றாவதும் நலமாகப் பிறந்தால் தாயின் வாய்ப்பு ஒன்பதில் ஒன்றாகும். பிள்ளைகளுக்குப் பதில் எத்தனை மகள்கள் நலமாகப் பிறந்தாலும் கணக்கு இம்மியும் நகராது. ரஷ்ய ராணி அலெக்ஸாண்ட்ராவுக்கு அலெக்ஸிக்கு முன் நான்கு பெண்கள். அவர்களைப் பார்த்து அவர் கேரியரா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஐந்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எல்லாம் வெறும் பயிற்சிக் கணக்குகள் அல்ல. ஒன்பதாவது, எட்டாவது காரணிகளின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தது 1980-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ஒரு பெண் கேரியரா என்று பார்க்க அவருடைய ரத்தத்தில் காரணியின் அளவைச் சோதிப்பார்கள். ஆனால் பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஏதோ ஒன்று அணைந்துவிடுகிறது. எது அணைகிறது என்பது தற்செயல். அதனால் கேரியர் பெண்களில் சிலருக்கு அளவு சாதாரணமாகவே இருக்கும். சோதனை மட்டும் பதில் சொல்லாது. ஆலோசகர் வம்ச வரைபடத்தை விரித்து, நலமாக உள்ள மகன்களை ஒவ்வொருவராக எண்ணி வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே வருவார். அப்படி எண்ணும்போது அவர் செய்யும் பெருக்கலெல்லாம், தாயின் நிலை இன்னதென்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்பதன் மேல்தான் நிற்கிறது. மூன்று பிள்ளைகளும் நலமாக இருக்கும் வாய்ப்பு 1/2 × 1/2 × 1/2 என்று போட அதுதான் உரிமை தருகிறது.

இப்போது அந்தப் பெண்ணின் மரபணுவையே படித்துவிடலாம். குடும்பத்தில் என்ன பழுது என்று தெரிந்து, அது அவரிடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு வந்துவிட்டால், வம்ச வரைபடம் இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை பீரோவுக்குள் போய்விடும். தம்பிகள் மட்டுமல்ல, தாய்மாமன்களும் பேச்சிழந்துவிடுகிறார்கள். மாமனுக்கு இருந்த நோய் பாட்டியைப் பற்றிச் சொன்னது. பாட்டி தாயைப் பற்றிச் சொன்னார். தாய் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். நடுக்கண்ணியான தாயை நேரில் பார்த்தாகிவிட்டது என்றால் அதற்கு மேலே உள்ள சங்கிலி அறுந்துவிடுகிறது. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக், 1956-ல் வெளியான தன் நூலில் இந்த இரண்டு அமைப்புகளையும் பற்றி எழுதினார். ஒரு பொதுக் காரணம் தெரிந்தால் அதன் இரண்டு விளைவுகளும் பிரிந்துவிடும். சங்கிலியின் நடுக்கண்ணி தெரிந்தால் இரு முனைகளும் பிரிந்துவிடும். மறைப்புத் திரை விழுவது போல ஒன்று மற்றொன்றின் பார்வையிலிருந்து மறைகிறது என்பது அவர் கருத்து.

திரை எப்போதும் முழுதாக விழுமா? இல்லை. மருத்துவத்தில் இது கிழிகிற இடங்கள் இரண்டு.

ஒன்று, ஒரே கருவில் உருவான இரட்டையர். தாய் கேரியர் என்று தெரிந்த பிறகும், ஒருவனுக்கு நோய் என்றால் மற்றவனுக்கும் நோய். ஏனென்றால் அவர்கள் தாயை மட்டுமல்ல, அந்த ஒரே கருமுட்டையையும் பகிர்ந்தவர்கள். தாயின் நிலையைத் தெரிந்துகொண்டது போதவில்லை. அவர்களுக்குப் பொதுவாக இன்னொன்று மிஞ்சுகிறது.

இரண்டாவது இதைவிட நுட்பமானது, டாக்டர்களையே ஏமாற்றக்கூடியது. ஹீமோஃபிலியா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் நோய் இருந்ததில்லை. விக்டோரியா மகாராணியின் முன்னோர்களிடமும் நோயின் தடம் தெரியவில்லை. ஒரு வீட்டில் திடீரென்று ஒரு மகனுக்கு ஹீமோஃபிலியா. தாயின் ரத்தத்தைச் சோதித்தால் பழுது இல்லை. 'தாய் கேரியர் அல்ல. இது மகனிடம் புதிதாக வந்த பழுது. அடுத்த குழந்தைக்கு மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிக ஆபத்து இல்லை' என்றுதான் கணக்கு சொல்லும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில தாய்மார்களிடம் அந்தப் பழுது, அவர்களே கருவாக இருந்த காலத்தில், உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் ஏற்பட்டிருக்கும். ரத்தச் செல்களில் அது இருக்காது. கருமுட்டைகள் சிலவற்றில் இருக்கும். ரத்தச் சோதனை 'இல்லை' என்கிறது, அடுத்த மகனும் நோயோடு பிறக்கிறான்.

இங்கே கணிதம் தவறவில்லை. நாம் எதைத் தெரிந்துகொண்டோம் என்பதில்தான் சறுக்கல். பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தும் தகவல் 'தாயின் கருமுட்டைகளில் பழுது உண்டா' என்பது. நமக்குக் கிடைத்ததோ 'தாயின் ரத்தத்தில் பழுது உண்டா' என்பதற்கான பதில். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான், எப்போதும் அல்ல. இதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதே பெருக்கல்தான். ரத்தச் சோதனையில் பழுது இல்லாத தாய்மார்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், முதல் மகனுக்கு நோய் உள்ள வீடுகளில் இரண்டாவது மகனுக்கும் நோய் வருவது மற்ற வீடுகளைவிட அதிகமாக இருக்கும். குழுவைச் சுருக்கிய பிறகும் தொடர்பு மிஞ்சினால், பொதுவான ஏதோ ஒன்று இன்னும் நம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அதனால்தான் விவரமான ஆலோசகர், தாயின் சோதனை முடிவு நல்லதாக வந்தாலும், அடுத்த கர்ப்பத்தில் கருவைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைச் சொல்லிவைப்பார்.

இதையெல்லாம் படித்தவர்கள் 'அப்படியானால் கூடுதலாக ஒன்று தெரிந்தால் தொடர்பு எப்போதும் குறையும்' என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. அது சரியில்லை. நேர் எதிராகவும் நடக்கும், அதுவும் மரபணு நோய்களிலேயே.

பீட்டா தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுது வந்தால் அது கேரியர். இருவரிடமிருந்தும் வந்தால் கடுமையான நோய். ஓர் ஊரில் நூற்றுக்கு நான்கு பேர் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். உறவுக்குள் கல்யாணம் செய்யாத ஒரு தம்பதி. கணவர் கேரியரா என்பதற்கும் மனைவி கேரியரா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருவருக்கும் தனித்தனியே நூற்றுக்கு நான்கு.

இப்போது அவர்கள் குழந்தைக்குச் சோதனை செய்ததில் கேரியர் என்று வருகிறது. உடனே தாயின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கிலிருந்து ஏறக்குறைய ஐம்பத்தொன்றாகத் தாவுகிறது, தகப்பனுக்கும் அப்படியே. இருவரில் யாரோ ஒருவர் கொடுத்திருக்க வேண்டுமே. அடுத்து தகப்பனைச் சோதிக்கிறார்கள். அவரிடம் பழுது இல்லையென்றால் தாய் கேரியர் என்பது நிச்சயம். அவரிடம் பழுது இருந்தால் தாயின் வாய்ப்பு ஐம்பத்தொன்றிலிருந்து சரிந்து பழைய நான்குக்கே வந்துவிடுகிறது. ஒட்டும் உறவும் இல்லாமல் இருந்த இரண்டு நிகழ்ச்சிகள், குழந்தையைப் பற்றித் தெரிந்ததும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கிவிட்டன. பொதுக் காரணம் தெரிந்தால் விளைவுகள் பிரியும். பொது விளைவு தெரிந்தால் காரணங்கள் பிணையும்.

தகப்பன் கேரியர் என்று வந்ததும் 'காரணம் கிடைத்துவிட்டது, அம்மாவுக்கு எதற்குச் சோதனை' என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது போதும். ஆனால் தாயிடம் மிச்சமிருக்கும் அந்த நூற்றுக்கு நான்கு பூஜ்யமல்ல. அவரும் கேரியராக இருந்தால், அடுத்த குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால் டாக்டர் அம்மாவின் ரத்தத்தையும் கேட்பார்.